எடை மெஷினும் வலை நூலும்

"ஊர் ஃபுட்பால் டீமில் எட்டு வருஷமா ஸ்டாப்பர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டம் ஆடுறேன். தொப்பை கிடையாது, தொண்ணூறு நிமிஷமும் ஓடுவேன். போன வாரம் ஒரு மெடிக்கல் செக்கப்பில் பி.எம்.ஐ. 26.4, ஓவர்வெயிட்னு எழுதிட்டாங்க. கணக்கு தப்பா, இல்ல நான் குண்டா? எடையைக் குறைக்கணுமா?"

கணக்கு சரியாகத்தான் இருக்கும், நீங்களும் அநேகமாகக் குண்டாக இருக்க மாட்டீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் இடுப்பை ஒரு தடவை அளந்து பார்க்காமல் என் வார்த்தையை நம்ப வேண்டாம். ஏன் என்று விளக்க, எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் பக்கம்தான் எங்கள் ஊர். இந்தக் கரையில் நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் மணலில் பந்து உருண்டுகொண்டிருக்கும். ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கரைக்கு வந்த மறுநாளே பூட்ஸைத் தேடுவார்கள். நான் சொல்லப்போகிற பையன் ஆழ்கடலுக்குப் போகிறவன் இல்லை. அப்பாவோடு காலையில் கரமடி என்கிற வலையைக் கரையில் நின்று இழுப்பான், மாலையில் ஸ்டாப்பர் ஆடுவான். பெயர் வேண்டாம், ஸ்டாப்பர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவனுக்கு வயது 24.

2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. பத்து நாள் கழித்து அவனுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார். "சார், அவன் ராத்திரி சோறே திங்க மாட்டேங்கான். கேட்டா எடை கூடுதலாம். நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அன்று மாலை அவனே வந்தான். நான்காக மடித்த ஒரு அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். உயரம் 168, எடை 78, பி.எம்.ஐ. 27.6. பக்கத்தில் சிவப்பு மையில் 'அதிக எடை'.

"சார், எனக்கு எங்க சார் தடி?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயிறு தட்டையாகத்தான் இருந்தது. தொடைதான் பனங்கட்டை மாதிரி இருந்தது.

முதலில் அட்டையைப் பார்த்தேன். அவன் என் தோளுக்கு மேலே நிற்கிறவன், 168 எப்படி வரும்? விசாரித்தால், முகாமில் யாரும் உயரம் அளக்கவே இல்லை. "உயரம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள், இவன் "அஞ்சரை அடி" என்று சொல்லியிருக்கிறான், அதை அப்படியே சென்டிமீட்டராக்கி எழுதிவிட்டார்கள். எடை பார்த்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜீன்ஸ், பெல்ட், போன் எல்லாவற்றோடும்.

மறுநாள் காலை வரச் சொன்னேன். வெறும் வயிறு, ஷார்ட்ஸ் மட்டும். குதிகால், பின்புறம், முதுகு மூன்றும் சுவரில் படும்படி நிற்க வைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போட்டேன். 171 சென்டிமீட்டர். எடை 76. ஆடையும் சாப்பாடும் ஒரு கிலோ போனது, இன்னொரு கிலோ பத்து நாள் பட்டினியில் போனது.

பி.எம்.ஐ. என்பது எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுப்பது, அவ்வளவுதான். இரண்டு முறை வகுப்பதால் உயரத்தில் செய்கிற தப்பு இரட்டிப்பாக வந்து விழும். மூன்று சென்டிமீட்டர் குறைத்து எழுதினால் அவன் எடையில் ஏறக்குறைய ஒரு புள்ளி கூடிவிடும். 76-ஐ 1.71-ஆல் இரண்டு முறை வகுத்தால் 26. ஆக, அளவுத் தப்பைத் திருத்தியதும் 27.6 என்பது 26 ஆனது. அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்போ நான் நார்மலா சார்?"

"இல்லடே. 25-க்கு மேல போனாலே அதிக எடைதான். அது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. நம்ம நாட்டு டாக்டர்கள் 2009-இல் ஒண்ணு சொல்லியிருக்காங்க, அதுல 23-லயே அதிக எடை ஆரம்பிச்சிரும். 25-ஐத் தாண்டினா உடல் பருமன்."

ஒரு படி இறங்கி வரலாம் என்று வந்தவனை ஒரு படி ஏற்றிவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்துவிட்டான்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. கெத்லே என்ற பெல்ஜியத்துக்காரர், வானியலும் புள்ளியியலும் படித்தவர். 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தார். வளர்ந்த ஆட்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்று கண்டார். யார் குண்டு, யாருக்கு நோய் என்பது அவர் கேள்வியே இல்லை. 1972-இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் தன் குழுவோடு இதை எடுத்து ஆராய்ந்து 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார். ஆயிரக்கணக்கான ஆட்களை மொத்தமாகப் பார்க்கும்போது, ஒரு டேப்பும் ஒரு தராசும் மட்டும் வைத்துக்கொண்டு கொழுப்பை ஓரளவு ஊகிக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு ஊருக்குச் சரி. அந்த ஊரில் கரமடி இழுக்கிற ஒருத்தனுக்குச் சரியாக இருக்கும் என்று அந்தக் கணக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

காரணம் எளிது. தராசு மொத்தத்தைத்தான் சொல்லும். அதில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கூடையோடு மீனை நிறுத்த மாதிரி. அதிலும் தசை கொழுப்பைவிட அடர்த்தியானது, ஒரே இடத்தை அடைக்கிற தசை கொழுப்பைவிடக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு கூடுதலாக நிற்கும். அதனால்தான் அவன் சட்டை தளராமலும் இறுகாமலும் இருக்க, மெஷின் மட்டும் கத்துகிறது.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? என்னிடம் பழைய ஸ்கின்ஃபோல்டு காலிப்பர் ஒன்று இருந்தது. இடுக்கி மாதிரி இருக்கும். தோலையும் அதற்கடியில் உள்ள கொழுப்பையும் தசையிலிருந்து விலக்கிக் கிள்ளிப் பிடித்து, அந்த மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று படிக்க வேண்டும். நான்கு இடம்: கையின் முன்புறம், கையின் பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே. அவனுக்கு வந்தது 4, 8, 12, 11. கூட்டினால் 35. இருபதுகளில் இருக்கிற ஆணுக்கு இந்தக் கூட்டுத்தொகைக்கு அட்டவணையில் வரும் கொழுப்பு ஏறக்குறைய 15 சதவீதம். இதுவும் ஊகம்தான், கிள்ளுகிற கையைப் பொறுத்து மூன்று நான்கு சதவீதம் இப்படியும் அப்படியும் போகும். ஜிம்மில் காலை வைத்து ஏறுகிற மின்சார மெஷின் இதைவிட மோசம். தண்ணீர் குடித்ததா, வேர்த்ததா, சாப்பிட்டதா என்று எல்லாமே அதை ஆட்டிவைக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்லும்.

இனிமேல்தான் முக்கியமான கணக்கு. 76 கிலோவில் 15 சதவீதம் என்றால் கொழுப்பு சுமார் பதினொன்றரை கிலோ. மீதி அறுபத்துநாலரை கிலோ எலும்பு, தசை, ரத்தம், குடல் எல்லாம். இவன் இந்தியக் கணக்கில் 'நார்மல்' ஆக வேண்டுமென்றால் பி.எம்.ஐ. 23-க்குக் கீழே வர வேண்டும், அதாவது எடை 67 கிலோ. தசையில் ஒரு கிராம்கூட இழக்காமல் 67-க்கு வந்தால் உடம்பில் இரண்டரை கிலோ கொழுப்புதான் மிஞ்சும். 4 சதவீதம்கூட இல்லை. அது மேடையில் எண்ணெய் தடவிக்கொண்டு நிற்கிற பாடி பில்டர் போட்டி அன்று காலையில் மட்டும் இருக்கிற அளவு. அந்த நிலையில் யாரும் தொண்ணூறு நிமிஷம் பந்து விளையாட முடியாது. எனவே நடைமுறையில் நடப்பது வேறு: கொழுப்போடு தசையும் கரையும்.

அது ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தது என்று அவன் அப்புறம்தான் சொன்னான். முந்தின சனிக்கிழமை அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டி. வழக்கமாக அவன் தலைக்கு வருகிற பந்தை எவனும் தொட முடியாது. அன்று இரண்டு முறை எதிரணி ஃபார்வர்டு அவனுக்கு மேலே எம்பித் தலையால் அடித்துவிட்டான். இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். ராத்திரி சோறு இல்லை, காலையில் வெறும் கட்டன் சாயா, அதோடு மூன்று மணி நேரம் மடி இழுப்பு. எஞ்சின் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது, வேறென்ன.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவனுடைய மச்சான் வந்தார். பழைய ஃபார்வர்டு, நான் பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுத்தவர், இப்போது டீம் மேனேஜர், வயது 44. "மாப்ள, என்னைப் பாரு. கல்யாணத்தப்போ 70 கிலோ, இன்னைக்கும் அதே 70" என்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். உயரம் 170. பி.எம்.ஐ. 24.2. முகாம் அட்டையில் அவருக்குப் பச்சை மையில் 'இயல்பு' என்று போட்டிருந்தது. மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணத்தான் அட்டையையே கையில் கொண்டுவந்திருந்தார்.

டேப்பை எடுத்தேன். இடுப்பு அளக்க ஒரு முறை உண்டு. பேண்ட் கட்டுகிற இடத்தில் அளக்கக் கூடாது, எல்லோரும் செய்கிற தப்பு அது. தொப்பை உள்ளவர் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுவார். விலாவில் கடைசி எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில் டேப் போக வேண்டும். மூச்சைச் சாதாரணமாக விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். மச்சான் மூன்று முறை இழுத்தார், நான்காவது முறை சிரிப்பு வந்து விட்டுவிட்டார். 94 சென்டிமீட்டர். ஸ்டாப்பருக்கு 81.

நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை. அதைத் தாண்டினால் கொழுப்பு தோலுக்கடியில் மட்டும் இல்லை, குடலையும் ஈரலையும் சுற்றி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் கெடுதல் செய்வது அந்தக் கொழுப்புதான். இருபது வருஷத்தில் மச்சானின் எடை மாறவில்லை, சரக்குதான் மாறிவிட்டது. தொடையில் இருந்த தசை போய், அதே எடைக்குக் கொழுப்பு வயிற்றில் வந்து சேர்ந்திருக்கிறது. மறு வாரம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தார், சர்க்கரை 118. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது. 126 என்றால் நீரிழிவு, இது வாசற்படி.

இந்தியர்களுக்கு எல்லையை 23-க்கு இறக்கியதற்கும் இதுதான் காரணம். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு ஒளிந்திருக்கும் என்று அந்த ஒரு படம் காட்டிவிட்டது. ஆக, பி.எம்.ஐ. நம் ஊரில் அதிகமாகப் பொய் சொல்வது ஸ்டாப்பர் மாதிரி ஆட்களிடம் இல்லை, மச்சான் மாதிரி ஆட்களிடம். இதைச் சொல்லாமல் 'பி.எம்.ஐ. எல்லாம் சும்மா' என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து விளையாடிவிட்டு பரோட்டா தின்கிற ஆள் "எனக்கு எல்லாம் மசில் சார்" என்று சொன்னால், நூற்றுக்குப் பாதிக்கு மேல் அது மசில் இல்லை என்பது என் அனுபவம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாப்பருக்கு நான் செய்து கொடுத்ததையே நீங்களும் செய்யலாம், டேப்கூட வேண்டாம். வீட்டில் வலை நூல் கிடந்தது. அவனைச் சுவரோடு நிற்க வைத்து, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை நூலைப் பிடித்து வெட்டினேன். அதைச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் மறுபடி வெட்டினேன். கையில் இருந்தது அவன் உயரத்தில் பாதி, எண்பத்தைந்தரை சென்டிமீட்டர். அந்த நூல் இடுப்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் தொட வேண்டும். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இதுதான். அவனுக்குத் தொட்டதும் இல்லாமல் நான்கு சென்டிமீட்டர்போல மிஞ்சியது. மச்சானுக்கு அவர் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டினேன். ஒரு கை விரல்கள் அகலத்துக்கு இடைவெளி. மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

உங்களுக்கு நூல் தாராளமாகத் தொட்டால் எடையைத் தொடாதீர்கள். ரத்த அழுத்தத்தையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், உடம்பு கட்டாக இருப்பதால் அவை சரியாகத்தான் இருக்கும் என்று அர்த்தமில்லை. செக்கப் வேலைக்காக என்றால், உயரத்தை நிற்க வைத்து அளந்தார்களா என்று கேளுங்கள். இடுப்பளவையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் கேட்காமலே செய்வார். நூல் தொடாவிட்டால், எட்டு வருஷ ஆட்டம் ஒரு சாக்கு இல்லை, இடுப்பைக் குறைக்க வேண்டியதுதான்.

ஸ்டாப்பர் கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ராத்திரிச் சோறு திரும்ப வந்தது, அட்டையைக் கிழித்துவிட்டான், நூலை பூட்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டான். 2021-இல் ஒரு மோதலில் வலது முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது. அறுவை, ஊன்றுகோல், எட்டு மாதம் ஆட்டமும் இல்லை மடியும் இல்லை. அந்த எட்டு மாதமும் மாதாமாதம் மெஷினில் ஏறிப் பார்த்திருக்கிறான். 76, 76, 75.5, 76. "எடை ஏறல சார், அப்படியே நிக்கி" என்று போனில் பெருமையாகச் சொன்னான்.

நேரில் வந்தபோது நூலை எடுக்கச் சொன்னேன். பையின் அடியில் உப்பும் மணலும் ஒட்டிக் கிடந்தது. சுற்றினான். இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்றரை விரல் இடம் இருந்தது. வலது தொடையைத் தொட்டுப் பார்த்தேன், இடதைவிட நன்றாக மெலிந்திருந்தது. பி.எம்.ஐ. அதே 26.

பிறகு பிசியோதெரபி, மணலில் நடை, மெதுவாக மடிக்கு, அதற்கப்புறம் பந்துக்கு. ஒரு வருஷம் ஆனது. போன மழைக்காலத்துக்கு முன் என் வீட்டுத் திண்ணையில் எடை பார்த்தான், 77. பி.எம்.ஐ. 26.3, முன்பைவிடக் கூடுதல். அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. நூலை இடுப்பில் சுற்றி, மிஞ்சிய இரண்டு முனையையும் சேர்த்து வலைக்குப் போடுகிற முடிச்சு ஒன்றைப் போட்டான். அப்படியே மைதானத்துக்குப் போய்விட்டான்.